வானத்தில் விழும் வரிகள்

கல்யாண ஆல்பங்களில் இப்போது கடற்கரைப் படம் இல்லாதது அரிது. சூரியன் இறங்கிய பிறகு, வெளிச்சம் முழுக்கப் போய்விடாத சிறிது நேரத்துக்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுவார்கள். மணமக்கள் அலைக்கு முன்னால் நிற்பார்கள். பின்னால் ஆகாயம் உச்சியில் கருநீலமாகத் தொடங்கி, கீழே வர வர வெளுத்து, கடலோடு சேரும் இடத்தில் லேசாகச் சிவந்திருக்கும். கேமராத் திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கொஞ்சம் இருட்டு என்று எடிட்டிங்கில் வெளிச்சத்தைத் தூக்கிவிடுவார்கள். ஆல்பம் அச்சாகி வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால், ஆகாயம் ஒரே சீராக இறங்காமல் வரிவரியாகக் கிடக்கும். ஒவ்வொரு வரியும் அரை விரல் அகலம். ஒன்று ஊதா சாய்ந்திருக்கும், அடுத்தது பச்சை சாய்ந்திருக்கும்.

முதலில் திட்டு வாங்குவது பிரிண்ட் போட்ட லேப். அடுத்தது கேமரா. பெரும்பாலும் இரண்டின் மீதும் குற்றமில்லை. அந்த வரிகள் அச்சுக்குப் போகும் முன்பே, எடிட்டிங் நடந்த கம்ப்யூட்டரில், ஃபைலுக்குள் விழுந்துவிட்டவை. தொழிலில் இதை பேண்டிங் என்றும் போஸ்டரைசேஷன் என்றும் சொல்வார்கள். ஏன் விழுகிறது என்பது எளிய கணக்கு. அதை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் அதன்பின் 8 பிட், 16 பிட் என்ற பேச்சைக் குழப்பமில்லாமல் கேட்பார்கள்.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் சேனல் என்கிறோம். 8 பிட் படத்தில் ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரை, மொத்தம் 256 அளவுகளில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க முடியும். 0 என்றால் அந்த நிறம் அறவே இல்லை, 255 என்றால் முழுதாக இருக்கிறது. நடுவில் ஐம்பதரை, ஐம்பத்தொன்றே கால் என்று எதுவும் கிடையாது. ஜேபெக் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. மூன்று சேனலையும் பெருக்கினால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்களுக்கு மேல் வருகிறது. அது போதாதா என்று கேட்கத் தோன்றும். பார்ப்பதற்குப் போதும். ஆனால் ஒரு படம் அந்த ஒரு கோடியே 67 லட்சத்தையும் பயன்படுத்துவதில்லை. நம் கடற்கரை ஆகாயம் பயன்படுத்துவது அதில் மிகச் சிறிய ஒரு துண்டு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஆகாயத்தின் ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உள்ளது. அதில் மேலிருந்து 3000 பிக்சல் வரை ஆகாயம். படம் கொஞ்சம் இருட்டாக விழுந்ததால் அந்தச் சேனலின் அளவு உச்சியில் 40, தொடுவானத்தில் 72 என்று வைத்துக்கொள்வோம். 40 முதல் 72 வரை எண்ணினால் 33 அளவுகள். 3000 பிக்சல் உயரத்தை இந்த 33 அளவுகள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்குச் சுமார் 91 பிக்சல் வருகிறது. அதாவது 91 வரிசைப் புள்ளிகள் ஒரே அளவில் இருக்கும், பிறகு ஒன்று கூடும், மறுபடி 91 வரிசை அப்படியே இருக்கும். எடிட்டிங் தொடங்கும் முன்பே ஆகாயம் உண்மையில் படிகளால் ஆனதுதான். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் கண் அதைக் கண்டுகொள்வதில்லை.

இப்போது படத்தைத் தூக்க வேண்டும். போட்டோஷாப்பில் லெவல்ஸைத் திறந்து, கறுப்பு முனையை 30-க்கும் வெள்ளை முனையை 94-க்கும் நகர்த்துகிறோம். 30-இல் இருந்தது 0 ஆகும், 94-இல் இருந்தது 255 ஆகும். நடுவில் இருந்த 64 அளவு இடைவெளி 255 ஆக நீள்கிறது. ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகாயத்தின் 40 என்பது 40-இலேயே நிற்கிறது. 72 என்பது 167-க்குப் போகிறது. ஆகாயம் பளிச்சென்று ஆகிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் 40-க்கும் 167-க்கும் இடையில் இப்போது 128 இடங்கள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பவை பழைய 33 அளவுகள்தான். மென்பொருள் புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தராது. இருந்த 33-ஐ நான்கு நான்காகத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது. 40, 44, 48, 52 என்று போகிறது. 41, 42, 43 ஆகிய அளவுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. 95 இடங்கள் காலி. 91 பிக்சல் அகலப் படிகள் அதே அகலத்தில்தான் இருக்கின்றன, ஒவ்வொரு படியின் உயரம் மட்டும் நான்கு மடங்காகிவிட்டது. இந்தப் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடித்தால் 91 பிக்சல் என்பது ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆல்பத்தில் பார்த்த அந்த அரை விரல் வரி இதுதான்.

கண்ணின் பங்கும் இதில் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பரப்புகளின் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று அளவு வித்தியாசம் இருந்தாலே, சூழல் சாதகமாக இருந்தால், மனிதக் கண் அதைப் பிடித்துவிடும். 8 பிட் படத்தில் 100 என்ற அளவுக்கும் 101 என்ற அளவுக்கும் திரையில் வரும் வெளிச்ச வித்தியாசம் சுமார் 2 சதவீதம். ஆகவே 8 பிட் என்பது கண்ணின் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதிகமாக எதுவும் மிச்சம் வைக்கவில்லை. 100-லிருந்து நேராக 104-க்குத் தாவினால் வித்தியாசம் 9 சதவீதம் ஆகிறது. அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதோடு, இரண்டு பரப்புகள் சேரும் விளிம்பைக் கண் உள்ளதைவிடக் கூர்மையாக்கிக் காட்டும். வெளிச்சமான பக்கத்தின் ஓரத்தில் இன்னும் வெளிச்சமாக ஒரு கோடும், இருண்ட பக்கத்தின் ஓரத்தில் இன்னும் இருட்டாக ஒரு கோடும் இருப்பதாகத் தோன்றும். எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் 1865-இல் இதை விளக்கினார். மாக் பட்டைகள் என்றே இன்றும் பெயர். படத்தில் இல்லாத கோட்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்கிறோம்.

ஊதாவும் பச்சையும் எங்கிருந்து வந்தன? மூன்று சேனல்களும் ஒரே இடத்தில் படி ஏறுவதில்லை. சிவப்பு ஒரு வரிசையில் ஏறும், பச்சை அதற்கு முப்பது பிக்சல் தள்ளி ஏறும், நீலம் இன்னோர் இடத்தில். சிவப்பு ஏறிவிட்டு பச்சை இன்னும் ஏறாத அந்தச் சிறு பட்டையில் சிவப்பும் நீலமும் ஓங்கி நிற்க, ஆகாயம் ஊதா சாயும். பச்சை ஏறியதும் எதிர்ப் பக்கம் சாயும். படிகள் ஒன்று ஒன்றாக இருக்கும்வரை இந்தச் சாய்வு தெரியாது. நான்கு நான்காக ஆனதும் தெரிந்துவிடுகிறது. மாலை வானத்தில் இது அதிகம். ஏனென்றால் அங்கே நிறமும் வெளிச்சமும் சேர்ந்து மாறுகின்றன, ஒவ்வொரு சேனலும் தன் வேகத்தில் போகிறது.

இதுவரை சொன்னது ஒரே ஒரு பெரிய இழுப்பு. இன்னொரு சேதம் சத்தமில்லாமல் நடக்கிறது. 8 பிட் ஃபைலில் ஒவ்வொரு திருத்தத்தின் முடிவிலும் விடையை முழு எண்ணாக்கி எழுத வேண்டும். ஒரு படத்தின் வெளிச்சத்தைப் பாதியாக்கி, பிறகு மனம் மாறி இரண்டு மடங்காக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 என்பது 50 ஆகும். 101 என்பது ஐம்பதரை ஆக வேண்டும், ஆனால் அரை எழுத இடமில்லை, 51 என்று எழுதப்படுகிறது. 102 என்பதும் 51. திரும்ப இரட்டித்தால் 100, 102, 102. படம் பழைய வெளிச்சத்துக்கே வந்துவிட்டது, ஆனால் 101 போய்விட்டது. ஒற்றைப்படை எண்கள் எல்லாமே இப்படிப் போய்விடும். 256 அளவுகளில் ஏறக்குறைய பாதி மிஞ்சுகிறது. நிஜ வேலையில் யாரும் பாதியாக்கி இரட்டிப்பதில்லைதான். ஆனால் ஒரு கர்வ்ஸ் லேயரில் நிழலை இறக்கி, அடுத்ததில் ஏற்றி, அதன்மேல் நிறம் மாற்ற ஒன்று, கடைசியில் ஸ்டைலுக்காக ஒன்று என்று அடுக்கும்போது நடப்பது இதேதான்.

அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டால் படம் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. அடியில் இருக்கும் மூலப்படம் தொடப்படாமல் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பது சரி. ஆனால் மேலே அடுக்கிய லேயர்களின் கணக்கு அந்த ஃபைலின் பிட் அளவிலேயே நடக்கிறது. 8 பிட் ஃபைல் என்றால் ஒவ்வொரு லேயரின் விடையும் 256-க்குள் முழு எண்ணாக்கப்பட்டுத்தான் அடுத்த லேயருக்குப் போகிறது. லேயரைத் திறந்து திருத்த முடியும் என்பதற்கும் கணக்கு நுணுக்கமாக நடக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை.

16 பிட்டில் என்ன மாறுகிறது? ஒவ்வொரு சேனலுக்கும் 256-க்குப் பதில் 65,536 அளவுகள். பழைய கணக்கின் ஒவ்வோர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் 256 சிறு அளவுகள் உட்கார இடம் இருக்கிறது. போட்டோஷாப் தன் உள்கணக்கில் 0 முதல் 32,768 வரைதான் வைத்துக்கொள்கிறது. அப்படியும் ஓர் அளவுக்கு 128 இடங்கள் கிடைக்கின்றன. முன்பு பார்த்த 101-ஐ 65,536 கணக்கில் எழுதினால் 25,957. பாதியாக்கினால் 12,978.5, முழுதாக்கி 12,979. இரட்டித்தால் 25,958. ஒன்று பிசகியிருக்கிறது. ஆனால் கடைசியில் 8 பிட்டுக்குக் கொண்டுவந்தால் அது 101-தான். பிசகு நடக்காமல் இல்லை, கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது.

இடம் இருப்பது ஒன்று, அந்த இடத்தை நிரப்பும் தகவல் இருப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜேபெக் படத்தைத் திறந்து Image > Mode > 16 Bits/Channel என்று மாற்றினால், நம் ஆகாயத்தில் இருந்த 33 அளவுகள் 33-ஆகவே இருக்கும். பெரிய தாளில் அதே 33 எண்கள். லெவல்ஸை இழுத்தால் அதே வரிகள் அதே இடத்தில் விழும். போனது போனதுதான். இனிமேல் செய்யும் திருத்தங்களின் முழு எண் பிசகு சேராமல் இருக்கும் என்ற லாபம் மட்டும் உண்டு.

உண்மையான தகவல் கேமராவின் ரா ஃபைலில் இருக்கிறது. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் ராவை 12 அல்லது 14 பிட்டில் எழுதுகின்றன. 12 பிட் என்றால் 4,096 அளவுகள், 14 பிட் என்றால் 16,384. நம் ஆகாயத்தின் 40 முதல் 72 வரையிலான அந்தத் துண்டு, 14 பிட் ராவில் சுமார் 700 அளவுகளில் பதிவாகியிருக்கும். 12 பிட்டில்கூட 170-க்குக் குறையாது. 128 இடங்களை நிரப்ப 700 அளவுகள் தாராளமாகப் போதும். ராவிலிருந்து நேரே 16 பிட்டில் திறந்து, அதே லெவல்ஸை 30, 94 என்று வைத்து, கடைசியில் 8 பிட் ஆக்கினால் 40 முதல் 167 வரை ஒவ்வோர் அளவிலும் புள்ளிகள் இருக்கும். படியின் அகலம் 91 பிக்சலில் இருந்து 23 பிக்சலாகக் குறையும், உயரம் ஒன்றே ஒன்றாக இருக்கும்.

படம் எடுக்கும்போது ராவில் எடுத்து, அடோப் கேமரா ராவில் திறந்து, அங்கே எதையும் தொடாமல் 8 பிட்டில் போட்டோஷாப்புக்கு அனுப்பி, வெளிச்சம் தூக்குவதை எல்லாம் அங்கே செய்பவர்கள் இருக்கிறார்கள். ரா எடுத்த பலன் வாசலிலேயே போய்விடுகிறது. கேமரா ரா திரையின் அடியில் நிறவெளியின் பெயரும் பிட் அளவும் ஒரு வரியாகத் தெரியும். அதைச் சொடுக்கி 16 பிட் ஆக்கிவிட்டால் அடுத்து மாற்றும்வரை அப்படியே இருக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் Preferences-இல் External Editing பகுதியில் Bit Depth என்ற இடம். கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 8 பிட்டுக்கு மேலான எடிட்டிங் கிடைக்கிறது. இதைவிட நல்ல வழி, பெரிய இழுப்பை எல்லாம் ரா மென்பொருளிலேயே முடித்துவிடுவது. அங்கே கணக்கு ராவின் முழுத் தகவலின் மேல் நடக்கிறது.

இதை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். போட்டோஷாப்பில் 3000 பிக்சல் உயரத்தில் 8 பிட்டில் புதிய ஃபைல் திறங்கள். மூன்று சேனலும் 40 உள்ள சாம்பல் நிறத்திலிருந்து 72 உள்ள சாம்பல் நிறம்வரை மேலிருந்து கீழாக ஒரு கிரேடியன்ட் போடுங்கள். கிரேடியன்ட் கருவியில் Dither என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். லெவல்ஸில் 30, 94. பிறகு 16 பிட்டில் இன்னொரு ஃபைல் திறந்து எல்லாவற்றையும் அப்படியே செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளக்கம் தேவைப்படாது. Window > Histogram திறந்தால் 8 பிட் படத்தின் ஹிஸ்டோகிராம் சீப்புப் பற்களைப் போல இடைவெளி விட்டு நிற்கும். 16 பிட் படத்தினுடையது இடைவெளியில்லாமல் நிறைந்திருக்கும். ஹிஸ்டோகிராமின் மூலையில் சிறிய எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அதைச் சொடுக்கிப் புதுப்பித்த பிறகே பாருங்கள். அதுவரை காட்டுவது தோராயக் கணக்கு.

அந்தப் பரிசோதனையில் Dither-ஐ ஏன் எடுக்கச் சொன்னேன் என்பதில்தான் இந்த விஷயத்தின் மறுபக்கம் இருக்கிறது. ஆகாயத்தின் ஓர் இடத்தில் உண்மையான அளவு 50.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட்டில் அங்கே எல்லாப் புள்ளிகளும் 50 என்றே எழுதப்படும். அதற்குப் பதிலாகப் பத்துப் புள்ளிகளில் ஏழை 50 என்றும் மூன்றை 51 என்றும் கலைத்துப் போட்டால், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அது 50.3-ஆகவே தெரியும். டிதர் செய்வது இதைத்தான். கேமராவின் நாய்ஸ் இதே வேலையைத் தானாகச் செய்கிறது. சென்சாரில் பதிவாகும் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும். படியின் விளிம்பு ஒரே நேர்கோட்டில் விழாமல் பொடிப்பொடியாகச் சிதறிவிடும்.

இதனால்தான் பட்டுப்புடவையிலும் மணலிலும் தலைமுடியிலும் எத்தனை இழுத்தாலும் வரி தெரிவதில்லை. அங்கே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏற்கனவே இருபது முப்பது அளவு வித்தியாசத்தில் இருக்கின்றன. ஹிஸ்டோகிராம் பல் பல்லாக நின்றாலும் படத்தில் ஒன்றும் தெரியாது. போட்டோஷாப் ஆசிரியரான டான் மார்குலிஸ் இதை வைத்துத்தான் வெகு காலம் வாதாடினார். 16 பிட்டில் செய்த திருத்தம் 8 பிட்டில் செய்ததைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மேலானது என்பதைக் கம்ப்யூட்டரில் வரைந்த கிரேடியன்ட்டில் அல்ல, உண்மையான வண்ணப் புகைப்படத்தில் காட்டுங்கள் என்று சவால் விட்டார். எதிர்ப் பக்கத்தில் நின்று 16 பிட்டுக்காகப் பேசியவர்களில் முக்கியமானவர் புரூஸ் ஃப்ரேசர். என் கருத்தில், சாதாரணத் திருத்தங்களைப் பொறுத்தவரை மார்குலிஸ் சொன்னது பெருமளவு சரி. நன்றாக வெளிச்சம் விழுந்த படத்துக்குச் சின்னக் கர்வ்ஸ் போடுகிறவர் 8 பிட்டில் செய்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் இன்றைய படங்களில் நாய்ஸ் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் எடிட் செய்பவர் தேய்த்து எடுத்துவிடுகிறார். கைபேசிகள் ஜேபெக் எழுதும் முன்பே ஆகாயத்தை வழித்துத் துடைத்துவிடுகின்றன. அப்படித் துடைத்த ஆகாயம் கம்ப்யூட்டரில் வரைந்த கிரேடியன்ட்டுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அதன்மேல் நான்கு மடங்கு இழுத்தால் வரி விழத்தான் செய்யும்.

ஆகவே வேலையின் வரிசையும் முக்கியம். 8 பிட்டில் முதலில் நாய்ஸை எடுத்துவிட்டு அப்புறம் வெளிச்சத்தைத் தூக்குவதுதான் ஆகாயத்துக்குச் செய்யக்கூடிய மோசமான காரியம். சருமத்தை வழுவழுப்பாக்கிவிட்டுப் பிறகு காண்ட்ராஸ்ட் ஏற்றும்போது கன்னத்தில் திட்டுத்திட்டாக வருவதும் இதே காரணத்தால்தான்.

வரி தெரிந்ததும் ஃபைலைக் குறை சொல்லும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வரி ஃபைலில் இருக்கிறதா, மானிட்டரில் இருக்கிறதா? மலிவான மானிட்டர்கள் பல, சேனலுக்கு 6 பிட் மட்டும் உள்ள பேனலை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிப்பவை. குற்றமில்லாத ஆகாயமும் அவற்றில் வரியோடு தெரியலாம். Window > Info திறந்து, படத்தை 100 சதவீத அளவில் வைத்து, மவுஸை ஆகாயத்தில் மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்துங்கள். எண்கள் 96, 97, 98 என்று ஒன்றொன்றாக ஏறினால் ஃபைல் நன்றாக இருக்கிறது, குறை திரையில். 96, 96, 100, 100, 104 என்று தாவினால் குறை ஃபைலில். எந்தச் சேனல் அதிகம் தாவுகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கையில் ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது, ரா கிடையாது, படத்தைத் தூக்கியும் ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. முதலில் ஃபைலை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். ஆகாயத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனி லேயரில் எடுத்து, இழுப்பதற்கு முன்பே Gaussian Blur கொடுங்கள். ரேடியஸ் படியின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் கணக்கில் 45 பிக்சலுக்கு மேல். 50-க்கும் 51-க்கும் நடுவில் உள்ள விளிம்பில் பிளர் இரண்டையும் சராசரி எடுக்கும்போது 50.2, 50.5, 50.8 போன்ற அளவுகள் பிறக்கின்றன. 8 பிட்டில் அவற்றுக்கு இடமில்லை, உடனே முழு எண்ணாகிப் பழையபடி படியாகிவிடும். 16 பிட்டில் அவை நிற்கும். 16 பிட்டுக்கு மாற்றியதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. அதன்பின் லெவல்ஸ் போட்டால் நான்கு மடங்கு இழுப்புக்கு அந்த இடை அளவுகள் ஈடு கொடுக்கும். தொடுவானத்திலும் ஆட்களின் ஓரத்திலும் பிளர் கசிந்து ஒளிவட்டம் போலத் தெரியும். மாஸ்க்கை அங்கே கவனமாக உள்ளிழுக்க வேண்டும். தலைமுடி பறக்கும் படமாக இருந்தால் இதில்தான் அதிக நேரம் போகும். மேகம் இருக்கும் ஆகாயத்துக்கு இந்த வழி ஆகாது, மேகமும் கரைந்துவிடும்.

கடைசியாக ஆகாயத்துக்கு Filter > Noise > Add Noise. Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு சதவீதத்தில் தொடங்குங்கள். திரையில் 100 சதவீதத்தில் பார்க்கும்போது மெல்லிய பொடி தெரிந்தால் போதும், அச்சில் அது காணாமல் போய்விடும். மூலப்படத்தில் இருந்த நாய்ஸை பிளர் எடுத்துவிட்டது என்பதால் ஆகாயம் மற்ற இடங்களோடு ஒட்டாமல் பிளாஸ்டிக் போல நிற்கும். இந்தப் பொடி அதையும் சரிசெய்கிறது.

இத்தனையும் செய்துவிட்டு ஜேபெக் ஆக்கும்போது தரத்தைக் குறைத்தால் எல்லாம் வீண். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. தரம் குறையக் குறைய முதலில் தூக்கி எறியப்படுவது நுண்ணிய பொடிதான். போட்டது போய்விடும், வரி திரும்பிவிடும், கூடவே கட்டமும் தெரியும். போட்டோஷாப்பின் 12 அளவில் 10-க்குக் கீழே போக வேண்டாம். கைபேசியில் பகிரும் செயலிகள் தங்கள் பங்குக்குச் சுருக்கும்போதும் இது நடக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் வரி இருக்கிறது என்று மூல ஃபைலைக் குறை சொல்வதற்கு முன் அந்த மூல ஃபைலைத் திறந்து இன்ஃபோவில் எண்களைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் 16 பிட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. 24 மெகாபிக்சல் படம் 8 பிட்டில் நினைவகத்தில் 72 மெகாபைட் இடம் எடுக்கும். 16 பிட்டில் 144. ஒவ்வொரு பட லேயரும் இதே கணக்கில் கூடிக்கொண்டே போகும். ஒரு பிஎஸ்டி ஃபைல் 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. 12-க்கு 36 அங்குல ஆல்பம் பக்கத்தில் எட்டு படம், பின்னணி, ஃபிரேம், நிழல் என்று அடுக்கி அதை 16 பிட்டில் வைத்தால் நல்ல கம்ப்யூட்டரும் திணறும். ஃபில்டர் கேலரி போன்ற சில ஃபில்டர்கள் 16 பிட்டில் வேலையே செய்யாது. ஆல்பம் வடிவமைப்பை 8 பிட்டில் செய்வதில் தவறில்லை. லேபுக்கும் கடைசியில் 8 பிட் ஜேபெக்தான் போகப்போகிறது.

பிரிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். ஒவ்வொரு படத்தின் வெளிச்சம், நிறம், காண்ட்ராஸ்ட் திருத்தங்களை ராவிலோ 16 பிட்டிலோ முழுக்க முடித்து, அந்த ஃபைலை டிஃப் ஆகவோ பிஎஸ்டி ஆகவோ தனியாக வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை 8 பிட்டுக்கு மாற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் வைத்த பிறகு ஆகாயம் இன்னும் கொஞ்சம் பிரகாசமாக இருக்கலாமே என்று வீட்டார் கேட்டால், பக்கத்தின்மேல் ஒரு லெவல்ஸ் லேயரைப் போட்டு இழுக்கக் கை போகும். 16 பிட் ஃபைலைத் திறந்து அங்கே மாற்றிப் புதிய பிரதியை வைக்க ஐந்து நிமிடம் கூடுதலாகும். ஆகாயம் இருக்கும் படங்களுக்கு மட்டுமாவது அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.